மிகக் குறைந்த விலை, ஆனால் நட்டமில்லாத விலை: சிறு கொந்தராத்துக்காரருக்கு ஒரு கணக்கு

டெண்டர் திறக்கும் நாளில் விலைகளை வாசிக்கிறார்கள். நம்முடைய விலைதான் எல்லோரையும் விடக் குறைவு. கூட வந்தவர் முதுகில் தட்டுகிறார். இரண்டாவது இடத்தில் வந்தவரோ நம்மை விட மூன்று இலட்சம் கூடப் போட்டிருக்கிறார். அந்த இடத்தில் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "மற்ற மூன்று பேருக்கும் தெரிந்த எந்தச் செலவை நான் விட்டுவிட்டேன்?"

ஒரே வேலைக்குப் பலர் விலை போடும்போது ஒவ்வொருவர் கணக்கிலும் சிறு பிழை இருக்கும். சிலர் கூடப் போடுவர், சிலர் குறையப் போடுவர். வேலை கிடைப்பது மிகக் குறையப் போட்டவருக்கு. ஆகவே, பல நேரங்களில் வெல்பவர் திறமைசாலி அல்லர், அதிகமாக மறந்தவர். அமெரிக்காவில் கடலடி எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த கம்பனிகள் ஏன் எதிர்பார்த்த இலாபத்தைக் காணவில்லை என்பதை 1971இல் மூன்று எண்ணெய்ப் பொறியியலாளர்கள் ஆராய்ந்து, இதையேதான் எழுதினார்கள். அங்கே அதிக விலை கேட்டவர் மாட்டிக்கொண்டார். நமது டெண்டரில் குறைந்த விலை கேட்டவர் மாட்டிக்கொள்கிறார்.

ஹெந்தளையில் ஒரு மதில் வேலையை எடுத்துக்கொள்வோம். இது கணக்குக்காக வைத்துக்கொண்ட உதாரணம். தொகைகளை நீங்கள் உங்கள் இன்றைய விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 200 அடி நீளம், 6 அடி உயரம், ஆறு அங்குல சீமெந்துக் கல், கருங்கல் அத்திவாரம். கொந்தராத்துக்காரர் சாமான்களுக்கு 12 இலட்சம், மேசன் பாஸ்மாருக்கும் கையாட்களுக்கும் 5 இலட்சம் என்று கணக்கிட்டார். 17 இலட்சத்தின் மேல் பத்து சதவீத இலாபம் வைத்து 18 இலட்சத்து 70 ஆயிரம் போட்டார். மற்றவர்கள் போட்டது 21 இலட்சத்து 50 ஆயிரம், 22 இலட்சம், 22 இலட்சத்து 80 ஆயிரம். வேலை இவருக்கே.

வேலை தொடங்கியதும் விட்டுப்போன செலவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஹெந்தளை கடலுக்கும் ஹமில்டன் கால்வாய்க்கும் அருகில் உள்ள தாழ்ந்த மணல் நிலம். அத்திவாரம் வெட்டினால் தண்ணீர் ஊறுகிறது, கரை சரிகிறது. தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் மீண்டும் வெட்டும் கூலிக்கும் 70 ஆயிரம். ஒழுங்கை ஒடுக்கம், லொறி உள்ளே போகாது. பிரதான வீதியில் இறக்கி உள்ளே கொண்டுபோக 55 ஆயிரம். உடைந்த கல், மழையில் கரைந்த மணல், கட்டிபட்ட சீமெந்து என்று சாமான்களில் ஐந்து சதவீதம், அதாவது 60 ஆயிரம். ஆறு வாரத்துக்குக் காவலாளும் தற்காலிகக் கொட்டிலும் 75 ஆயிரம். பிணைமுறி, காப்புறுதி 30 ஆயிரம். ஹார்ட்வெயார் கடையில் காசு விலை ஒன்று, கடன் விலை இன்னொன்று. அந்த வித்தியாசம் 40 ஆயிரம்.

கூட்டிப் பாருங்கள்: 3 இலட்சத்து 30 ஆயிரம். உண்மையான செலவு 20 இலட்சத்து 30 ஆயிரம். வாங்கப்போவது 18 இலட்சத்து 70 ஆயிரம். நட்டம் 1 இலட்சத்து 60 ஆயிரம்.

இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. இவர் அந்த ஆறு செலவுகளையும் முதலிலேயே எழுதி, அதன் மேல் ஐந்து சதவீதம் மட்டும் இலாபம் வைத்திருந்தால் விலை ஏறக்குறைய 21 இலட்சத்து 30 ஆயிரமாக வந்திருக்கும். அப்போதும் இவர்தான் மிகக் குறைந்த விலைக்காரர். அதே வேலையை வென்று ஒரு இலட்சம் மிச்சமும் பிடித்திருக்கலாம்.

ஆகவே, விலை போடுவதற்கு முன் முதல் வேலை உங்கள் அடிவிலையைக் கண்டுபிடிப்பது. இந்த வேலையை எடுக்காவிட்டால் உங்கள் கையை விட்டுப் போகாத பணம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகைதான் அடிவிலை. காவலாள், இறைப்பு, ஏற்றி இறக்கும் கூலி, பிணைமுறி எல்லாம் அதில் சேரும். கடை வாடகை, சொந்த வாகனத்தின் மாதச் செலவு போன்றவை வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகும். ஆட்கள் சும்மா இருக்கும் காலத்தில் அவற்றின் பங்கைக் குறைத்துப் போடலாம், இலாபத்தையும் குறைக்கலாம். அடிவிலைக்குக் கீழே மட்டும் இறங்கக் கூடாது. மற்றவர் என்ன போடுகிறார் என்ற கதை காதில் விழுமுன்பே இந்தத் தொகையைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள். கேட்ட பிறகு எழுதினால் பேனா தானாகவே கீழே இறங்கும்.

இடத்தைப் போய்ப் பார்க்காமல் அடிவிலை வராது. ஹெந்தளை போன்ற நிலத்தில் மழை பெய்த மறுநாள் போய், ஒரு சிறு குழி வெட்டிப் பாருங்கள். லொறி எங்கே நிற்கும், தண்ணீரும் மின்சாரமும் யார் தருவது, வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பி.ஓ.கியூ. என்ற வேலை அளவுப் பட்டியலை நிரப்புவது. பொதுவாக டெண்டர் நிபந்தனைகளில் இரண்டு விதிகள் இருக்கும். அலகு விலைக்கும் மொத்தத்துக்கும் முரண்பாடு இருந்தால் அலகு விலையே செல்லும். 1,200 சதுர அடிக்கு 450 ரூபாய் என்று நினைத்து மொத்தம் 540,000 எழுதி, அலகு விலையில் கைதவறி 410 என்று போட்டால், 492,000 என்று திருத்துவார்கள். 48,000 ரூபாய் போய்விடும். இரண்டாவது, வெறுமையாக விட்ட வரிக்குப் பணம் கிடையாது. அந்த வேலை மற்ற விலைகளில் அடங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே, கொடுப்பதற்கு முன் இன்னொருவரைக் கொண்டு ஒவ்வொரு வரியையும் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

விலை ஏற்றமும் ஒரு செலவுதான். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்து மூடை, 2022 நடுப்பகுதியில் மூவாயிரம் ரூபாயைத் தொட்டது. விலை ஏற்றத்துக்கு ஈடு தரும் நிபந்தனை இல்லாத ஒப்பந்தங்களில் பழைய விலைக்குக் கையெழுத்திட்டவர்கள் அந்த நட்டத்தைத் தாங்களே சுமந்தார்கள். அந்த நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், உங்கள் விலைமனு செல்லுபடியாகும் நாள் வரைக்கும் கடைக்காரரிடம் எழுத்தில் விலை வாங்கிக்கொள்ளுங்கள்.

இலாபம் எப்போது கைக்கு வரும் என்பதையும் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதியைத் தடுத்து வைத்து, குறை திருத்தும் காலம் முடிந்த பிறகே முழுவதையும் தருகிறார்கள். அது ஒப்பந்தத் தொகையில் ஐந்து சதவீதம் என்றால், நமது மதில் வேலையில் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல். அதாவது முழு இலாபமும் அங்கேதான் நிற்கிறது. அதுவரை அடுத்த வேலைக்கு முதல் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் விலை போடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், திறக்கும் நாளில் உங்களுக்கும் இரண்டாமவருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி வந்தால், அன்றிரவே கணக்கை மீண்டும் பாருங்கள். அதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கலாம்: சொந்த மிக்சர், சொந்தப் பலகை, காசுக்கு வாங்கும் சாமான், பக்கத்திலேயே ஓடும் இன்னொரு வேலை. அப்படி ஒரு காரணத்தை உங்களால் சொல்ல முடிந்தால் துணிந்து செய்யுங்கள். சொல்ல முடியாவிட்டால் எதையோ மறந்திருக்கிறீர்கள். பின்வாங்கினால் விலைமனுப் பிணைப் பணம் போகலாம், அடுத்த டெண்டர்களில் பெயரும் அடிபடலாம். அதையும் வேலையின் நட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது சிறியது என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதுதான். இந்தத் தர்மசங்கடத்துக்கு வராமல் காப்பது, மழை பெய்த மறுநாள் வெட்டிப் பார்த்த அந்தச் சிறு குழி.