‘கூடாது’ அடுத்த வரிக்குப் போகக் கூடாது

பவர் பிரஸ் கையேட்டில் ஒரு வாக்கியம்: மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டாமல், ஃப்ளைவீல் நிற்காமல், காப்பு மூடியைத் திறக்கக் கூடாது. இலக்கணம் சரிதான். ஆனால் தமிழில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. இதையே சுவரொட்டியில் போடும்போது இடம் போதாமல் ‘கூடாது’ அடுத்த வரிக்கு இறங்கினால், முதல் வரி வேறு கதை சொல்லும். ஒரே வாக்கியத்தில் மூன்று மறுப்புகள் வேறு!

வரிசையாக உடைத்து எழுதுங்கள்:

1. மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள்.
2. சுவிட்சைப் பூட்டி, சாவியை உங்களிடமே வைத்திருங்கள்.
3. ஃப்ளைவீல் முழுவதும் நிற்கும்வரை காத்திருங்கள். மோட்டார் நின்ற பிறகும் அது சுற்றும்.
4. அதன்பின் மூடியைத் திறங்கள்.

தடையைத் தனி வரியில், சிவப்பில் போடுங்கள்: ‘ஃப்ளைவீல் சுற்றும்போது மூடியைத் திறக்கக் கூடாது.’ ‘திறப்பதைத் தவிர்க்கவும்’ என்பது வேண்டுகோள்போல் ஒலிக்கும். ‘திறக்க வேண்டாம்’ என்பதும் அப்படித்தான்.

ரசாயனப் பீப்பாயில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்றிருந்தால் கூடுதல் கவனம். முன்னால் ‘இன்’ இருப்பதால் ‘எரியாதது’ என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். பொருள் நேர் எதிர்: எளிதில் தீப்பிடிக்கும்.

அச்சுக்கு அனுப்புமுன், எழுதியதை அந்தந்த இயந்திரத்தை ஓட்டுபவரிடம் கொடுங்கள். “புரியுதாண்ணே?” என்றால் தலையாட்டிவிடுவார். “இதுல உள்ளபடி செஞ்சு காட்டுங்கண்ணே” என்று, நிறுத்திப் பூட்டிய இயந்திரத்தின் முன் கேளுங்கள். அவர் கை தயங்குகிற இடத்தில்தான் திருத்தம் வேண்டும்.