கண்ணடிக்கும் ஃப்ரிட்ஜ்: முதலில் எதைப் பார்ப்பது?

மதுரையிலிருந்து அக்கா போன் செய்தாள். "டேய் தம்பி, ஃப்ரிட்ஜ்ல ஒரு லைட்டு விட்டு விட்டுக் கண்ணடிக்குதுடா. பால் திரிஞ்சு போச்சு. மெக்கானிக் வந்து பாத்துட்டு, ஃபேனும் போர்டும் போச்சு, ரெண்டையும் மாத்தணும்ங்கறாரு." கடைசியில் ஃபேனும் மாறவில்லை, போர்டும் மாறவில்லை. ஐஸ் தானாகக் கரையும் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் எவருக்கும் அந்த வழக்கு உதவும் என்பதால், அதை ஒட்டியே இந்தக் குறிப்புகள்.

1. பிளக்கைப் பிடுங்கும் முன் விளக்கை எண்ணுங்கள். பதற்றத்தில் எல்லோரும் முதலில் சுவிட்சைத்தான் அணைக்கிறார்கள். அப்போது விளக்கு காட்டும் கோளாறுக் கோடு அழிந்துபோகும். சில கோடுகள் மறுபடி வரப் பல மணி நேரம் ஆகும். விளக்கு ஒரு கொத்தாகச் சிமிட்டும், கொஞ்சம் நிற்கும், மறுபடி அதே கொத்து வரும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் சிமிட்டலிலிருந்து எண்ண வேண்டும். கண்ணால் எண்ணினால் நாலா ஐந்தா என்று சந்தேகம் வரும். செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணுங்கள். மூன்று கொத்தும் ஒரே எண்ணிக்கை சொன்னால்தான் அது கணக்கு. அக்கா வீட்டில் ஐந்து, ஐந்து, ஐந்து.

2. அது கோளாறுதானா என்று பாருங்கள். கதவு சரியாக மூடாவிட்டாலும், குழந்தைப் பூட்டு விழுந்திருந்தாலும் விளக்கு சிமிட்டும் மாடல்கள் உண்டு. இன்னொரு வேடிக்கை, கடையில் காட்சிக்கு வைக்கும்போது போடும் 'டெமோ' நிலை. உள்விளக்கு எரியும், பட்டன்கள் வேலை செய்யும், குளிர் மட்டும் வராது. சாம்சங் மாடல்கள் சிலவற்றில் `OF OF` என்றும், எல்ஜியில் `OFF` என்றும் திரையில் நிற்பது இதைத்தான். குழந்தைகள் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினாலே இந்த நிலை வந்துவிடும். பயனர் கையேட்டில் விடுவிக்கும் முறை இருக்கும், செலவே இல்லை.

3. அடுத்து மின்சாரம். கரண்ட் போய் வந்ததும் கம்ப்ரசர் உடனே ஓடாது; சில நிமிடம் பொறுத்துத்தான் ஓடும். அதைக் கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி அணைத்துப் போட்டால், அந்தக் காத்திருப்பும் முதலிலிருந்து தொடங்கும். அணைத்தால் 5 நிமிடமாவது விட்டுவிட்டுப் போடுங்கள். கோடு மாலை நேரத்தில் மட்டும் வருகிறதா, வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வருகிறதா என்றும் கவனியுங்கள். அப்படியானால் குற்றவாளி ஃப்ரிட்ஜுக்கு வெளியே இருக்கிறான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தால் எடுத்துவிட்டு நேராகச் சுவர் பாயின்ட்டில் செருகுங்கள். தளர்ந்த பாயின்ட், சும்மா அளந்தால் 230 வோல்ட் காட்டும். கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போதுதான் சரியும். பிளக் தொட்டால் சுடுகிறதென்றால் அதுவே போதுமான சாட்சி.

4. எண்ணிக்கையின் அர்த்தத்தை உங்கள் மாடலின் அட்டவணையில் மட்டுமே பாருங்கள். ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறும். பக்கத்து வீட்டில் ஐந்து சிமிட்டலுக்கு சென்சார் மாற்றினார்கள் என்பது உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது. மாடல் எண் பெரும்பாலும் உள்ளே பக்கவாட்டுச் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். முகப்பு விளக்கும், பின்பக்கம் கம்ப்ரசருக்கு அருகே போர்டிலேயே இருக்கும் சின்ன விளக்கும் வேறு வேறு மொழி பேசக்கூடும். எது சிமிட்டியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. கோடு இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. போர்டுக்குக் கண் கிடையாது. சென்சாரின் மின்தடை எவ்வளவு, ஃபேன் சுற்றுகிறது என்ற தகவல் திரும்பி வருகிறதா, ஐஸ் கரைக்கும் ஹீட்டர் போட்டபின் குறித்த நேரத்துக்குள் அந்த இடம் சூடேறியதா, கம்ப்ரசர் இழுக்கும் கரண்ட் எவ்வளவு என்று சிலவற்றைத்தான் அதால் அறிய முடியும். ஆகவே 'ஃபேன் கோளாறு' என்று வந்தால், 'ஃபேன் சுற்றும் தகவல் எனக்கு வரவில்லை' என்றுதான் அதைப் படிக்க வேண்டும். ஃபேன் எரிந்திருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம், இறக்கையை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கலாம். அக்கா வீட்டுக்கு வந்தவர் முதலாவதோடு நின்றுவிட்டார்.

6. ஃபேன் கோடு வந்தால் முதலில் ஐஸைத் தேடுங்கள். எல்ஜி திரையில் `Er FF` என்று வருவது ஃப்ரீசர் ஃபேனைத்தான். இந்த வகை ஃப்ரிட்ஜில் குளிர் உண்டாகும் காயில் ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அந்தக் குளிரை ஃபேன்தான் கீழ்த்தட்டுக்குத் தள்ள வேண்டும். அது நின்றால் கீழே பால் கெடும், மேலே ஐஸ்கிரீம் கல்லாகவே இருக்கும். அக்காவிடம் கேட்டேன்: "ஃப்ரீசர் பின்சுவர்ல வெள்ளையா ஏதாவது படிஞ்சிருக்காக்கா?" "ஆமாடா, கோலமாவு தூவின மாதிரி அங்கங்க இருக்கு. சுவரும் லேசா உப்பியிருக்கு." அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. காயிலைச் சுற்றி ஐஸ் கட்டி, ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கதவைத் திறந்தால் ஃபேன் நின்றுவிடுவது பல மாடல்களின் இயல்பு. அதனால் திறந்து பார்த்து 'சுற்றவில்லையே' என்று முடிவு கட்டாதீர்கள். கதவு சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டு, கம்ப்ரசர் ஓடும் நேரத்தில், காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'கர்ர்' என்று ஐஸில் உரசும் சத்தம் வந்தாலும் விடை அதேதான்.

7. ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள். காயில் மெல்லிய அலுமினியம். ஒரு சின்னப் பொத்தல் விழுந்தால் கேஸ் போய்விடும். அதன்பின் ஃப்ரிட்ஜையே மாற்றுவதா என்று யோசிக்க வேண்டிவரும். இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது R600a, எரியக்கூடிய கேஸ். பிளக்கைப் பிடுங்கி, இரு கதவையும் திறந்து வைத்து, கீழே பழைய துண்டுகளைப் போட்டு, முழுசாக ஒரு நாள் விடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் சுவர் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே கட்டி அப்படியே இருக்கும். அக்கா முதல் தடவை நாலு மணி நேரத்தில் போட்டுவிட்டாள். சாயங்காலமே ஐந்து சிமிட்டல் வந்தது. இரண்டாம் தடவை ஒரு நாள் விட்டாள். விளக்கு அணைந்தது, கீழ்த்தட்டு குளிர்ந்தது, ஃபேன் சுற்றியது.

8. குணமான நாளைக் காலண்டரில் எழுதுங்கள். எனக்குப் பிடித்த சோதனை இதுதான். ஐஸைக் கரைத்தபின் மாதக்கணக்கில் சும்மா இருந்தால், பெரும்பாலும் அன்று கதவு சரியாக மூடாமல் இருந்ததுதான் காரணம். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில்தான் ஈரக்காற்று நுழைகிறது. ஓரிரு வாரத்திலேயே கோடு திரும்பினால், தானாக ஐஸ் கரைக்கும் ஏற்பாடே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அக்கா வீட்டில் பன்னிரண்டாம் நாள் திரும்பியது.

அந்த ஏற்பாட்டில் காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டரும், அதோடு வரிசையாக ஒரு வெப்ப ஃபியூஸும் இருக்கும். மிஞ்சிச் சூடானால் ஃபியூஸ் போய்விடும், அது தானாகத் திரும்பாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் நல்ல ஃபியூஸ் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டும். போனது ஒன்றுமே காட்டாது. வேறொரு மெக்கானிக் வந்து அளந்தார். ஹீட்டர் நன்றாக இருந்தது, ஃபியூஸ் செத்திருந்தது. அதே அளவு ஃபியூஸ் போட்டதும் தீர்ந்தது. சிலர் ஃபியூஸை வெட்டிவிட்டு வயரை நேராக முறுக்கிவிடுவார்கள். ஹீட்டர் அணையாமல் நின்றால் பிளாஸ்டிக் உருகும், பக்கத்திலேயே எரியும் கேஸ் ஓடுகிறது. அப்படிச் செய்யக் கண்டிப்பாக விடாதீர்கள்.

9. சென்சார் கோடு வந்தால் சென்சாரை வாங்கும் முன் அதன் கனெக்டரைப் பாருங்கள். ஈரத்தில் பச்சை பூத்திருந்தாலோ, லேசாகக் கழன்றிருந்தாலோ போர்டுக்குத் தவறான கணக்குதான் போகும். சென்சாரைக் கழற்ற முடிந்தால், மீட்டரை வைத்துக்கொண்டு, ஐஸ் மிதக்கும் தண்ணீரில் முனையை நனையுங்கள். குளிரக் குளிர மின்தடை ஏற வேண்டும். 25 டிகிரியில் 5 அல்லது 10 கிலோ ஓம் காட்டுபவை பரவலானவை. ஐஸ் தண்ணீரில் அது சுமார் மூன்று மடங்காகும். எகிறிக் குதித்தாலோ, அசையாமல் நின்றாலோ மாற்ற வேண்டியதுதான். 5 இருந்த இடத்தில் 10 போட்டால் ஃப்ரிட்ஜ் பொய்யான குளிரை நம்பி ஓடாமல் நிற்கும்.

10. கம்ப்ரசர் கோடு வந்தால் உங்கள் வேலை காற்றோட்டத்தோடு முடிகிறது. பின்னால் சுவரில் ஒட்டி நிற்கிறதா, கம்ப்ரசர் பக்கம் தூசி அடைத்திருக்கிறதா, பக்கச்சுவரில் அரிசி மூட்டை சாய்ந்திருக்கிறதா? பல மாடல்களில் சூடு வெளியேறுவதே பக்கச்சுவர் வழியாகத்தான். இவற்றைச் சரிசெய்து ஒரு நாள் பார்த்தும் கோடு வந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

11. போர்டைக் கடைசியில் சந்தேகியுங்கள், அதையும் கண்ணால் பார்த்துச் சந்தேகியுங்கள். கருகிய தடம், மேல் உப்பிய கெப்பாசிட்டர், எரிந்த வாடை இவை சாட்சி. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: கதகதப்புக்காக உள்ளே புகுந்த பல்லி, இரண்டு தடங்களுக்குக் குறுக்கே கிடந்து தானும் செத்துப் போர்டையும் கொன்றிருக்கும். மூடியைத் திறக்கும் வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள். இன்வெர்ட்டர் போர்டில் 230 வோல்ட் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்கும். போர்டு போச்சு என்று சொல்பவரிடம், "எந்த அளவை வச்சுச் சொல்றீங்கண்ணே?" என்று கேளுங்கள். ஃபேனுக்குப் போக வேண்டிய வோல்ட் போர்டிலிருந்து வரவில்லை என்று மீட்டரில் காட்டினால் நம்பலாம். அக்கா இதைக் கேட்டபோது முதலில் வந்தவர் மீட்டரே கொண்டுவரவில்லை.