சூரியகாந்தி விதையைத் தோலோடு விழுங்கலாமா?

இந்த மாத அறிவியல் பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி எங்கள் வீட்டிலேயே வந்த கேள்வி.

போன மாசி மாதம் எங்கள் களத்தில் சூரியகாந்தி காயப்போட்டிருந்தோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பிதான் காவல். அவன் காக்கா விரட்டியதைவிட விதை தின்றதுதான் அதிகம். உரிக்கச் சோம்பல்பட்டு, அரைகுறையாக மென்று தோலோடு விழுங்கிவிட்டான். ஒரு பிடி இரண்டு பிடி இல்லை, இரண்டு நாளாக டவுசர் பை நிறைய நிறைய.

முதலில் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் விதை என்று சொல்வது தாவரவியல்படி ஒரு கனி. வரிவரியாக இருக்கும் கெட்டித் தோல்தான் கனியின் சுவர். உள்ளே இருக்கும் பருப்புதான் உண்மையான விதை. பருப்பில் எண்ணெயும் புரதமும் இருக்கின்றன. அவற்றைச் செரிக்க நம் உடம்பில் நொதிகள் உண்டு. ஆனால் தோல் செல்லுலோஸ், லிக்னின் என்ற பொருள்களால் ஆனது. மரக்கட்டையில் இருப்பதும் இவைதான். செல்லுலோஸை உடைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. மாட்டுக்கும் சுரப்பதில்லை, அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. லிக்னினை அவற்றாலும் உடைக்க முடியாது.

அதனால் நாம் விழுங்கும் தோல் செரிக்காது. போன மாதிரியே வெளியே வரும். மெல்லாமல் முழு விதையாக விழுங்கினால் பருப்பின் மேலும் செரிமான நீர் சரியாகப் படாது. தின்றும் பயன் இல்லை.

அப்படியானால் ஆபத்தா? தெரியாமல் நாலைந்து விதை விழுங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. மற்ற சாப்பாட்டோடு கலந்து ஒன்றிரண்டு நாளில் போய்விடும். வயிற்றில் செடியும் முளைக்காது! நிறைய விழுங்கினால்தான் வினை. பெருங்குடல் கழிவிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். தோல் மட்டும் மிஞ்சும். கூரான ஓரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மலக்குடலில் கெட்டி உருண்டையாக அடைத்துக்கொள்ளும்.

தம்பிக்கு அதுதான் நடந்தது. மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை. உட்கார்ந்தால் முள் குத்துவது மாதிரி இருக்கு என்று அழுதான். நாலாம் நாள் டவுசரில் தண்ணியாக ஒழுகி இருந்தது. ஆச்சி, "பிள்ளைக்கு வயித்தால போகுது, கஞ்சி மட்டும் குடு" என்று சொன்னாள். நாங்களும் நம்பிவிட்டோம். ஆனால் அவன் முக்கி முக்கி அழுவது நிற்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் கையுறை போட்டு விரலால் சோதித்துப் பார்த்தார். விரலில் தோல் துண்டு குத்தியது.

"என்னம்மா, விதை தின்னானா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அடைப்பைச் சுற்றி வழிந்து வரும் தண்ணியைப் பார்த்து பேதி என்று ஏமாறக் கூடாது என்று டாக்டர் விளக்கினார். இந்த நிலையில் வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்தால் அடைப்பு போகாது, வலிதான் கூடும் என்றும் சொன்னார். தம்பிக்கு மயக்கம் கொடுத்து, அடைத்திருந்த தோலைக் கையாலேயே எடுத்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

எனவே தோழர்களே, நிறைய விதை தின்ற பிள்ளைக்கு மலம் வராமல், ஆசனவாயில் குத்தும் வலியும் தண்ணி ஒழுகலும் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். என்ன தின்றான் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். வயிறு உப்பி வாந்தி வந்தாலோ, ரத்தம் வந்தாலோ ஒரு வேளைகூடத் தள்ளிப் போடக் கூடாது.

இன்னும் இரண்டு செய்தி. கைக்குழந்தைக்கும் சின்னப் பிள்ளைக்கும் விதை கொடுக்கவே கூடாது. உரித்த பருப்பானாலும் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். தின்னும்போது திடீரென்று இருமி, மூச்சில் விசில் சத்தம் கேட்டால் அதுவும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரம்தான். அடுத்தது, விதைப்புக்கு வாங்கிய விதையில் பூஞ்சை மருந்து கலந்திருப்பார்கள். சாயம் ஏறியிருக்கும் அந்த விதையை வாயில் வைக்கவே கூடாது.

சூரியகாந்தி நல்ல உணவுதான். பல்லால் கடித்து, தோலைத் துப்பிவிட்டு, பருப்பை மட்டும் மென்று தின்னுங்கள். என் தம்பி இப்போது ஒவ்வொன்றாக உரித்துத்தான் தின்கிறான். தோலைக் களத்திலேயே துப்புகிறான் என்று ஆச்சி திட்டுவது தனிக்கதை.

– 9-ஆம் வகுப்பு மாணவி