கண்டிக்குப் போக லீவு

மல்லாவியில் ஒருவருக்கு என்ன வருத்தம் என்பதை மறைக்க முடியாது. அத்தான் விடியப்புறம் முதல் பஸ்ஸில் ஏறி மாங்குளம் போய், அங்கிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸ் செய்யப் போய்வந்தவர். பஸ் கொண்டக்டருக்குத் தெரியும், தேத்தண்ணிக் கடைக்காரருக்குத் தெரியும், என்னுடைய அலுவலகத்தில் முன்மேசையில் இருப்பவருக்கும் தெரியும். ஆகவே கண்டி தேசிய வைத்தியசாலையில் அவருக்குச் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை என்று வந்து, நான் துணைக்குப் போய் நிற்க லீவு கேட்டபோது, அத்தானுடைய நோயைப் பொத்திவைக்கும் யோசனை எனக்கு இருக்கவில்லை. பொத்திவைக்க வேண்டியிருந்தது வேறு மூன்று விடயங்கள்: சிறுநீரகம் கொடுப்பது ஆர், அவருடைய சோதனைகள் பொருந்தி வந்தனவா, அந்தச் சோதனைகளில் என்னென்ன தெரியவந்தது. மூன்றும் கொடுப்பவருக்குச் சொந்தமானவை. எங்கள் வீட்டில் கொடுக்க முன்வந்தவர் அக்கா.

கொடுப்பவர் கடைசி நேரம் வரைக்கும் மனம் மாறலாம். டொக்டர்மார் அவரைக் குடும்பத்தாரிடமிருந்து பிரித்துத் தனியாக இருத்தி, விரும்பித்தான் கொடுக்கிறீர்களா, வீட்டில் ஆரும் நெருக்குகிறார்களா என்று கேட்பது வழக்கம். மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால், பெரும்பாலும் வீட்டாருக்குப் 'பொருந்தவில்லை' என்ற அளவில்தான் சேதி வரும். அந்த ஒரு சொல்லுக்குள் இரத்தம் ஒத்துவராததும் இருக்கலாம், கொடுப்பவருக்கே பிரஷரோ சீனியோ பிடிபட்டதும் இருக்கலாம், பயமும் இருக்கலாம். இப்படி ஒரு வழியை ஆஸ்பத்திரி திறந்து வைத்திருக்கும்போது, "என் சகோதரி சிறுநீரகம் வழங்குவதால்" என்று நான் லீவுக் கடிதத்தில் எழுதினால் அந்த வழியை நானே அடைத்தவனாகிறேன். பிறகு அவள் கொடுக்காவிட்டால் ஊர் முழுக்க விளக்கம் சொல்லவேண்டும். கொடுத்தால் "எவ்வளவு குடுத்தவை?" என்ற கதை வரும். உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். அது தெரிந்தவர்களும் கதைப்பதை விடுவதில்லை.

இனிக் கடிதம். நான் அரச ஊழியன் என்பதால் தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயம்தான் எனக்கு வேதம். வருடத்துக்கு 21 நாள் அமைய லீவு, 24 நாள் ஓய்வு லீவு. அமைய லீவை ஒரே தடவையில் ஆறு நாளுக்கு மேல் எடுக்க ஏலாது. வருடம் முடிந்தால் மிச்சமும் போய்விடும். லீவு உரிமையல்ல, சேவையின் தேவையைப் பார்த்துத்தான் தரப்படும் என்பதும் அங்கேயே இருக்கிறது. அதைப் படித்தால் மேலதிகாரிக்கு உண்மையில் என்ன தெரியவேண்டும் என்பது விளங்கும். எவ்வளவு காலம் இவர் இருக்கமாட்டார், அந்த நேரத்தில் வேலையை ஆர் பார்ப்பது, அவசரமென்றால் பிடிக்கலாமா, இவ்வளவுதான். நோயாளியின் கிரியேட்டினின் அளவு தெரிந்து அவர் ஒரு முடிவும் எடுக்கப் போவதில்லை.

பொது 125அ படிவத்தில் காரணம் எழுத ஒரு சின்ன இடம்தான் விட்டிருக்கிறார்கள். அதில் 'நெருங்கிய உறவினரின் சத்திரசிகிச்சைக்கு உதவியாக நிற்றல்' என்று எழுதினேன். உறவுமுறை இல்லை, உறுப்பின் பெயர் இல்லை. அதே படிவத்தில் 'லீவுக் காலத்தில் முகவரி' என்றொரு கோடு வருகிறது. பலர் அதில் ஆஸ்பத்திரிப் பெயரையும் வார்ட் இலக்கத்தையும் எழுதிவிடுவார்கள். வார்ட் இலக்கம் தெரிந்தால் அது என்ன பிரிவு என்று விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். நான் கண்டியில் தங்கப் போகும் அறையின் முகவரியையும் என் நம்பரையும் கொடுத்தேன். பதில் கடமை பார்ப்பவர் கையொப்பமிடும் இடத்தை நிரப்பிக்கொண்டுதான் சேரின் அறைக்குள் போனேன். அது நிரம்பியிருந்தால் கேள்வி பாதியாகக் குறைகிறது. "ஆருக்கு?" என்று கேட்கத் தொடங்குகிறவரின் கண் அந்தக் கையொப்பத்தில் பட்டதும் "அப்ப மாச முடிவு அறிக்கை?" என்று வேலைக்குத் தாவிவிடும்.

படிவத்தோடு இணைத்த கடிதம் இவ்வளவுதான்:

"எனது நெருங்கிய உறவினர் ஒருவருக்குக் கண்டியில் பெரிய சத்திரசிகிச்சை ஒன்று செய்யப்படவுள்ளது. அதற்கு உதவியாக நிற்பதற்கு இத்துடன் இணைக்கப்பட்ட படிவத்தின்படி ஓய்வு லீவு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். திகதியை வைத்தியசாலையே தீர்மானிக்கும். அது முன்பின்னாக மாறக்கூடும். மாறினால் அறிந்த அன்றே தொலைபேசியில் அறிவித்து, திருத்திய படிவத்தைச் சமர்ப்பிப்பேன். எனது கடமைகளைப் பார்ப்பதற்கு இணங்கிய உத்தியோகத்தர் படிவத்தில் ஒப்பமிட்டுள்ளார்."

திகதி மாறும் என்ற வசனத்தை ஆரும் விட்டுவிடக் கூடாது. இந்தச் சத்திரசிகிச்சை சொன்ன நாளில் நடக்கும் என்று நிச்சயமில்லை. வாங்குபவருக்குக் காய்ச்சலோ சலக்கிருமியோ இருந்தால் தள்ளிவைப்பார்கள். கடைசியாக இருவரின் இரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் குறொஸ்மெச் சோதனை ஒத்துவராவிட்டால் நின்றுவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இல்லாவிட்டாலும் தள்ளிப்போகும். முதலே எழுதி வைத்திருந்தால், தள்ளிப்போகும் நாளில் "ஏன் தள்ளினவை?" என்ற கேள்விக்கு "திகதி மாத்திட்டினம் சேர்" என்பதே முழுப் பதிலாகிவிடும். எழுதாமல் விட்டால் அந்த இடத்தில்தான் வாய் தடுமாறிச் சோதனை முடிவுகள் வெளியே வரும்.

எவ்வளவு காலம் கேட்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பலர் ஒப்பரேசன் நாளைச் சுற்றி ஒரு கிழமை கேட்கிறார்கள். ஆனால் அந்த முதல் நாட்களில் வாங்கியவரைத் தனியறையில் வைத்திருப்பார்கள், துணைக்கு நிற்பவரை உள்ளே விடமாட்டார்கள். வெளியே நின்று சொன்ன மருந்தை வாங்கிக் கொடுப்பது, இரத்த மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டோடுவது, அடுத்த வார்ட்டில் இருக்கும் கொடுத்தவரைப் பார்ப்பதுதான் வேலை. அதிலும் பெண்கள் வார்ட்டில் நிற்கப் பெண் ஒருவர் வேண்டும். அக்காவுக்கு அத்தானின் தங்கை நின்றா.

ஆள் உண்மையாகத் தேவைப்படுவது துண்டு வெட்டின பிறகு. கொடுத்தவர் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் வெளியே வந்துவிடுவார், வாங்கியவருக்கு இன்னும் கூட நாள் எடுக்கும். வந்த பிறகும் ஊருக்குப் போகவிடமாட்டார்கள். தொடக்கத்தில் கிழமைக்கு இரண்டு தடவையாவது கிளினிக் இருக்கும். உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் டக்ரோலிமஸ் குளிசையின் அளவைப் பார்க்க, காலைக் குளிசை போட முன்னர் இரத்தம் எடுக்கவேண்டும். மல்லாவியில் இருந்து நேரத்துக்கு வருவதென்றால் முதல்நாள் இரவே புறப்பட்டு, நித்திரையில்லாமல், சனம் நிறைந்த பஸ்ஸில் வரவேண்டும். கிருமி தொற்றக் கூடாது என்று முகக்கவசம் போட்டிருப்பவரை அப்படிக் கூட்டிவர முடியுமா? அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுக்கவேண்டும், சமைக்க ஒருவர் வேண்டும். நான் ஓய்வு லீவின் பெரும்பங்கை இந்தக் கட்டத்துக்கு வைத்து, பரிசோதனைக் காலத்துப் பயணங்களுக்கு அமைய லீவை எடுத்தேன். அமைய லீவில் கொஞ்சத்தைத் தொடாமல் வைத்தது, வீட்டுக்கு வந்த பிறகு திடீரென்று காய்ச்சல் கண்டால் உடனே கண்டிக்கு ஓடவேண்டும் என்பதற்காக.

தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு முதல் வருடத்துக்குப் பிறகு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும்தான். சொந்த அலுவலுக்கு அமைய லீவு எடுக்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்வதால் அங்கேயும் நோயின் பெயர் தேவையில்லை. நாள் போதாமல் வரும், சம்பளமில்லா லீவை முதலிலேயே எழுத்தில் பேசிவைப்பது நல்லது.

"மெடிக்கல் போட்டுட்டுப் போவன்" என்று புத்தி சொன்னவர்களும் உண்டு. அந்தச் சான்றிதழ் எனக்கு வருத்தம் என்று சொல்கிறது. எனக்கு வருத்தமில்லை. கண்டி பஸ் நிலையத்தில் ஊர்க்காரர் ஒருவர் கண்டால் கதை முடிந்தது.

ஆதாரம் கேட்டால் என்ன கொடுப்பது? கையில் உள்ளது டயக்னோசிஸ் கார்டும் கிளினிக் கொப்பியும். அவற்றைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுப்பதுதான் ஆகப் பெரிய கசிவு. மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் இருவருக்கும் எச்.ஐ.வி, மஞ்சள்காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் பார்ப்பார்கள். முடிவு 'இல்லை' என்றிருந்தாலும், அந்தச் சொற்கள் ஒருவரின் பெயரோடு அலுவலகக் கோப்பில் கிடக்கத் தேவையில்லை. அதற்குப் பதிலாக வார்ட்டில் ஒரு கடிதம் கேட்கலாம்: இன்னார் இன்ன திகதியில் இருந்து இன்ன திகதி வரை இங்கே அனுமதிக்கப்பட்ட நோயாளி ஒருவருக்குத் துணையாக நின்றார் என்று, ஆஸ்பத்திரி முத்திரையோடு. துண்டு வெட்டும் நாளில் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள், ஆகவே இரண்டு நாள் முன்பே கேட்கவேண்டும். என்ன எழுதவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் தாதியருக்கும் இலகு.

விபரம் கசிய இன்னொரு வாசலும் இருந்தது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரியில் இருந்து பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம். கொழும்புக்கு அலையத் தேவையில்லை என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்த விண்ணப்பத்தில் நோய் விபரம் முழுவதும் இருக்கும், அதைக் கையாள்பவர்களும் நானும் மத்தியானத்தில் ஒரே கடையில் சாப்பிடுகிறவர்கள். அது விண்ணப்பதாரரின் அலுவல், அவர்தான் கொண்டுபோகவேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். என்னுடைய லீவுக் கோப்புக்குள் அதன் பிரதி ஒன்றும் போகவில்லை, என் கையால் அதை நான் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை.

சக ஊழியர்களிடம் சிரமம் கொஞ்சம் கூட. எங்கள் பக்கத்தில் சுகம் விசாரிக்காமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு, கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்பில்தான் கேட்கிறார்கள். அவர்களிடம் பொய் சொல்வதும் முகத்தில் அடித்தமாதிரிப் பேசுவதும் சரிவராது. "ஆர் தம்பி கிட்னி குடுக்கிறது?" என்று பிரதம லிகிதர் அக்கா கேட்டா. "அதெல்லாம் டொக்டர்மார் பாக்கினம் அக்கா. நீங்கள் நேர்ந்து கொள்ளுங்கோ" என்றேன். அவ வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்துகொண்டா, திரும்பக் கேட்கவில்லை. காசு சேர்த்துத் தர ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கப் பார்த்தவர்களை மட்டும் நேரடியாகவே மறித்தேன். குழுவில் முதல் படமாகப் போவது கிளினிக் கொப்பியாகத்தான் இருக்கும்.

அக்கா ஆசிரியை. அவளுடைய லீவு என்னுடையதைப் போன்றதல்ல, அவளுக்கே சத்திரசிகிச்சை என்பதால் அது சுகயீன லீவு. 'சத்திரசிகிச்சைக்குப் பின்னான ஓய்வு' என்று மட்டும் சான்றிதழில் எழுதித் தரும்படி டொக்டரைக் கேட்டாள், எழுதித் தந்தார். பாரம் தூக்கக் கூடாது என்பதையும் தனி வரியாக வாங்கிக்கொண்டாள். மாடி வகுப்புக்குக் கொப்பிக் கட்டுகளோடு ஏறச் சொல்லாமல் இருக்க அது போதும். ஒரே ஊரில், ஒரே கிழமையில், அவளுடைய கடிதமும் என்னுடைய கடிதமும் இரண்டு அலுவலகங்களுக்குப் போயிருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு விளங்காமல் இருக்காது. அதைத் தடுக்க எங்களிடம் வழியில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டது, எந்தக் கோப்பிலும் அது எழுத்தில் இல்லை என்பதையும், ஆருக்கு எப்போது சொல்வது என்பதை அக்காவே முடிவெடுத்தாள் என்பதையும்தான். தவணை தொடங்கிச் சில கிழமைகளில் அவள் தன்னுடைய அதிபருக்குச் சொல்லிவிட்டாள். என்னுடைய சேருக்கு இன்னும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.