எப்போது நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்

மொபைல் சர்வீஸ் கவுன்டரில் புதிதாக உட்காருபவரைத் தடுமாற வைக்கும் புகார் இது: "ஒயர்லெஸ் சார்ஜ் ஏறுது, நின்னுடுது, மறுபடி ஏறுது." டிஸ்ப்ளே உடைந்திருந்தால் பார்த்தாலே தெரியும். இதில் போனும் நன்றாக இருக்கிறது, பேடும் நன்றாக இருக்கிறது, சேர்த்து வைத்தால்தான் தகராறு. அவசரத்தில் பலர் புது பேட் வாங்கச் சொல்லிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் சூடு காட்டிப் பின்பக்கக் கண்ணாடியைத் திறந்துவிடுகிறார்கள். முதலாவதில் வாடிக்கையாளரின் பணம் போகிறது. இரண்டாவதில் மாட்டிக்கொள்வது நீங்கள்: ஒருமுறை திறந்து ஒட்டிய போனில் இனித் தண்ணீர் புகாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

கருவியைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வைத்த எத்தனை நேரத்தில் நிற்கிறது? சில விநாடிகளிலா, கால் மணி நேரம் கழித்தா, ராத்திரி நடுவிலா, எப்போதும் 80 சதவீதத்திலா? காரணத்தில் பாதி இந்தப் பதிலிலேயே வந்துவிடும். ஏன் என்று புரிய, பேடும் போனும் என்ன பேசிக்கொள்கின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

Qi தரத்தில் இயங்கும் பேட் எப்போதும் மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டிருப்பதில்லை. மேலே ஏதாவது இருக்கிறதா என்று சின்னத் துடிப்புகளை அனுப்பிப் பார்க்கும். போன் இருந்தால், அதே காந்தப்புலத்தின் வழியாகவே பதில் சொல்லும். அதன் பிறகுதான் சார்ஜ் தொடங்கும். தொடங்கிய பின்னும் பேச்சு நிற்காது: "இன்னும் கூட்டு, கொஞ்சம் குறை, எனக்கு இவ்வளவு வந்து சேர்ந்தது" என்று போன் சொல்லிக்கொண்டே இருக்கும். ஓரிரு விநாடி இந்தத் தகவல் வராவிட்டால் பேட் மின்சாரத்தை நிறுத்திவிடும். தான் அனுப்பியதற்கும் போன் பெற்றதாகச் சொல்வதற்கும் இடைவெளி மிக அதிகமானாலும் நிறுத்திவிடும். நடுவில் ஏதோ உலோகம் அந்தச் சக்தியைக் குடித்துச் சூடாகிறது என்று அது எடுத்துக்கொள்ளும். நிறுத்திய பிறகு மறுபடி துடிப்பு அனுப்பும், போன் பதில் சொல்லும், சார்ஜ் தொடங்கும். வாடிக்கையாளர் சொல்லும் அந்த "டிங்... டிங்..." சத்தம் இப்படித்தான் வருகிறது.

ஆகவே சில விநாடிகளுக்கு ஒருமுறை விட்டு விட்டு ஏறினால், பழுதான பாகத்தைத் தேடாதீர்கள். இடம், இடையில் இருக்கும் பொருள், அடாப்டர் என்ற மூன்றையும் அந்த வரிசையிலேயே பாருங்கள்.

இடத்திலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான போன்களில் சார்ஜ் சுருள் முதுகின் நடுவில் இருக்கும். மடிப்பு போன்களில் ஒரு பாதியில்தான் இருக்கும் என்பதால், திறந்து விரித்து வைப்பவர்கள் தவறான பாதியைப் பேடில் வைக்க வாய்ப்புண்டு. சுருளின் மையம் பேட் சுருளின் மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகினாலே பேச்சு தடுமாறத் தொடங்கும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று கேமரா மேடு. வட்டமான சின்ன பேடில் போனைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தால் அந்த மேடு பேடின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போன் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். மேலிருந்து பார்த்தால் நேராகத்தான் தெரியும். கண்ணைப் பேட் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள், இடைவெளி தெரியும். மேடு பேடுக்கு வெளியே தொங்கும்படி மேலே நகர்த்தினால் போன் படிந்துவிடும். ஸ்டாண்டு வகையில் இதற்கு நேர்மாறான சிக்கல்: உயரம் குறைந்த போனை வைத்தால் அதன் சுருள் ஸ்டாண்டின் சுருளுக்குக் கீழேயே நின்றுவிடும். அடியில் அட்டையை மடித்து வைத்து உயர்த்திப் பார்த்தாலே விஷயம் வெளிப்பட்டுவிடும்.

சரியான இடம் கிடைத்ததும், வாடிக்கையாளர் முன்னாலேயே போனின் மேல் விளிம்பு எங்கே வருகிறதோ அங்கே பேடை ஒட்டி மேசையில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் காட்டுங்கள். வீட்டிலும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். வாயால் "நடுவில் வைங்க சார்" என்று சொல்லி அனுப்பினால் மறுநாளே திரும்பி வருவார். Qi2 தரத்திலும் ஐபோன் 12 முதல் வந்த மேக்சேஃபிலும் காந்தமே போனை இழுத்துச் சரியான இடத்தில் உட்கார வைப்பது, இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான். ஆனால் காந்தமில்லாத தடித்த கவரைப் போட்டுவிட்டால் அந்த வசதி போய்விடும்.

அடுத்து இடையில் இருக்கும் பொருள். கவரைக் கழற்றச் சொல்லுங்கள், அவர் மறுத்தாலும் கழற்றிப் பாருங்கள். மோதிர ஹோல்டர், கார் ஸ்டாண்டுக்காக ஒட்டிய இரும்புத் தகடு, கவருக்குள் செருகிய அட்டை என்று எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஓ.எம்.ஆர். பக்கத்து அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவர் இப்படி ஒரு புகாரோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேலக்ஸி போன், ஆபீஸ் மேசையில் பேட், பத்து விநாடிக்கு ஒரு டிங். கவரைக் கழற்றியதும் உள்ளிருந்து ஆபீஸ் அக்சஸ் கார்டு விழுகிறது. தினமும் கதவில் தட்டச் சௌகரியமாக இருக்கட்டும் என்று செருகியிருக்கிறார். அந்தக் கார்டுக்குள்ளும் ஒரு சுருள் இருக்கிறது. அது சக்தியைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், நாளடைவில் கார்டே கெட்டுப்போகவும் கூடும். கார்டை எடுத்த பின் கடையின் பேடில் போன் நன்றாக ஏறுகிறது. வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டால், மறுநாள் ஆபீஸிலிருந்து போன் வரும்: "அதே கதைதான்."

ஏனென்றால் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை: பேடின் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? மானிட்டரின் பின்னால் உள்ள யு.எஸ்.பி. பொத்தலில். சாதாரண யு.எஸ்.பி. 2.0 பொத்தல் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட் தருவதற்கு வடிவமைக்கப்பட்டது. பேடிலிருந்து போனுக்குப் போவதற்குள் அதிலும் ஒரு பகுதி சூடாகிப் போய்விடும். போன் "இன்னும் கூட்டு" என்று கேட்க, பேட் இழுக்க, பொத்தலால் கொடுக்க முடியாமல் பேட் அணைந்து மறுபடி எழும். லேப்டாப்பில் செருகியிருந்தால் அது தூங்கும்போது பேடும் தூங்கிவிடும். வேக சார்ஜ் பேட்கள் பலவற்றுக்கு 9 வோல்ட் தரக்கூடிய அடாப்டர் வேண்டும். ஆகவே போனை மட்டும் கொண்டு வருபவரிடம் பேட், அதன் கேபிள், அடாப்டர், கவர் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். கேபிளைக் கடைசியில் அல்ல, அடாப்டரோடு சேர்த்தே மாற்றிப் பாருங்கள்.

பத்து, இருபது நிமிடம் நன்றாக ஏறி நின்றால் அது சூடு. தன் பேட்டரி சூடேறும்போது போன் வேகத்தைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடும். ஐபோனில் Charging On Hold என்று திரையிலேயே வரும். சித்திரை வெயிலில் காரின் டேஷ்போர்டில் மேப் ஓடிக்கொண்டிருக்க, பேடில் ஏற்றுபவருக்கு இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஏ.சி. காற்று படும்படி வைப்பது, கவரைக் கழற்றுவது, கேலக்ஸியில் வேக ஒயர்லெஸ் சார்ஜிங்கை அணைத்துவிடுவது ஆகிய மூன்றும் பலன் தரும். மெதுவாக ஏறினாலும் நிற்காமல் ஏறும்.

ராத்திரி வைத்தேன், காலையில் பார்த்தால் 40 சதவீதத்தில் நிற்கிறது என்பவரிடம் வைப்ரேஷனைப் பற்றிக் கேளுங்கள். வாட்ஸாப் குழு ஒன்று விடிய விடியப் பேசினால் வழவழப்பான பேடில் போன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். 80 சதவீதத்தில் நிற்பது பழுதே இல்லை. கேலக்ஸியின் Battery protection, ஐபோனின் சார்ஜ் வரம்பு ஆகியவை வேலை செய்கின்றன, அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும் கவரில்லாத போன் நல்ல பேடில், நல்ல அடாப்டரில் ஏறாவிட்டால்தான் உள்ளே சந்தேகம். அப்போதும் திறக்கும் முன் ஒரு சோதனை பாக்கி. கேலக்ஸி போன்களில் சார்ஜ் சுருளும் என்.எஃப்.சி. ஆன்டெனாவும் ஒரே மெல்லிய தகட்டில் இருக்கும். என்.எஃப்.சி.யை இயக்கி ஒரு கார்டை முதுகில் வைத்துப் பாருங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் அந்தத் தகடோ அதன் தொடுமுனையோ சரியாக உட்காரவில்லை என்று சந்தேகிக்கலாம். சமீபத்தில் பின்கண்ணாடி அல்லது பேட்டரி மாற்றினீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் "ஆமாம், வேற கடையில" என்று பதில் வரும். போனைத் திறப்பதற்கு முன்பே இந்தப் பதிலை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதே புகாரின் தம்பி ஒன்று உண்டு: "என் போன்ல இருந்து இன்னொன்னுக்கு ஏத்தினா உடனே கட் ஆகுது." 2019-ல் கேலக்ஸி எஸ்10 உடன் வந்த இந்த வசதியை Settings, Battery, Wireless power sharing என்ற வழியில் இயக்கலாம். போனைக் கவிழ்த்து வைத்து, முதுகின் நடுவில் இயர்பட்ஸ் பெட்டியையோ இன்னொரு போனையோ வைக்க வேண்டும். இரண்டிலும் கவர் கூடாது. அதே பக்கத்தில் Battery limit என்று ஒன்று இருக்கும். கொடுக்கும் போனின் சார்ஜ் அந்த எல்லைக்கு இறங்கினால் பகிர்வு தானாக நின்றுவிடும். வாடிக்கையாளர் 35 சதவீதத்தில் தொடங்கி, எல்லை 30-ல் இருந்தால், பழுது என்று அவர் நினைப்பது வெறும் ஐந்து சதவீதக் கணக்கு.

பகிர்வில் எவ்வளவு வீணாகும் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. பேடைவிட இங்கே பொருத்தம் மோசம், சக்தியும் சுமார் 4.5 வாட்தான். பாதி வழியிலேயே போகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். கேலக்ஸி பட்ஸ்2 பெட்டியின் பேட்டரி 472 மில்லி ஆம்பியர் மணி. காலியான அதை நிரப்ப 4000 கொண்ட போன் சுமார் 940 இழக்கும், அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. மீட்டிங்குக்கு முன்னால் பெட்டியில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள இது போதும். நண்பரின் போனை நிரப்பப் போதாது, கொடுத்தவர் போனும் சேர்ந்து படுக்கும். பகிரும்போது நெட்வொர்க்கைப் பொறுத்து அழைப்பும் டேட்டாவும் தடுமாறலாம் என்பதால், முக்கியமான அழைப்பை எதிர்பார்த்திருக்கும்போது இதை இயக்கச் சொல்லாதீர்கள்.

ஆப்பிள் வாட்ச்சைக் கொண்டுவந்து கேலக்ஸி முதுகில் வைத்து ஏறவில்லை என்பவருக்கு, அது Qi தரத்தில் ஏறாத சாதனம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஐபோனின் முதுகில் இன்னொன்றை வைத்து ஏற்றும் வசதி இல்லை. ஆனால் ஐபோன் 15 முதல் உள்ள யு.எஸ்.பி.-சி பொத்தலில் கேபிள் போட்டு ஏர்பாட்ஸ் போன்ற சின்னச் சாதனங்களுக்கு 4.5 வாட் வரை கொடுக்கலாம். இப்படிக் கேட்டு வருபவரிடம் இரண்டு முனையிலும் சி உள்ள கேபிள் இருக்கிறதா என்று பார்த்து, கவுன்டரிலேயே செருகிக் காட்டிவிடுங்கள்.