புனித வெள்ளிக்கு என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டு அக்கா கத்தோலிக்கர். தீபாவளி, பொங்கலுக்கு முதல் ஆளாக வந்து வாழ்த்துவார். கிறிஸ்துமஸுக்கு நானும் வாழ்த்திவிடுகிறேன். புனித வெள்ளிதான் குழப்பம். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் சிலர் பூப்படத்தோடு ‘இனிய புனித வெள்ளி’ என்று போடுகிறார்கள். அது சரியா?
– வாசகி, திருச்சி

பதில்: சரியில்லை. அது இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள். அக்கா அன்று அசைவம் தொடமாட்டார், ஒரு வேளை மட்டுமே வயிறார உண்பார். பிற்பகலில் கோயிலுக்குப் போய்ச் சிலுவையை முத்தமிட்டு வருவார். அன்று பூசையே கிடையாது. பெரிய வியாழன் மாலை நிற்கும் மணியோசை சனி இரவுத் திருவிழிப்பில்தான் மறுபடி கேட்கும். துக்கம் காக்கிற வீட்டில் ‘இனிய’ என்று தொடங்க மாட்டோம் அல்லவா?

அதற்காக ஒன்றும் சொல்லாமலே இருக்க வேண்டியதில்லை. நேரில் பார்த்தால், “அக்கா, கோயிலுக்குக் கிளம்பிட்டீங்களா? உங்க செபத்துல எங்க வீட்டையும் நினைச்சுக்கோங்க” என்று சொல்லுங்கள். எழுதி அனுப்புவதானால், ‘இந்தப் புனித வெள்ளியில் உங்கள் நோன்பும் செபமும் நிறைவாக அமையட்டும்’ என்ற ஒரு வரி போதும். பூப்படம், பட்டாசுப் படம், சிரிக்கும் முகம் எதுவும் வேண்டாம். அன்று பிரியாணி செய்தால் கொடுத்தனுப்பாதீர்கள்.

சனிக்கிழமை பகலும் அமைதிக்குரிய நாளே. வாழ்த்துக்குரிய நாள் ஞாயிறு. 2026-இல் புனித வெள்ளி ஏப்ரல் 3, ஈஸ்டர் ஏப்ரல் 5. சனி இரவுத் திருவிழிப்பு முடிந்து வீடு திரும்பப் பலருக்கு நள்ளிரவு தாண்டிவிடும். அதனால் விடிகாலையில் கதவைத் தட்டாமல் பத்து மணி வாக்கில் போய், “ஈஸ்டர் வாழ்த்துகள் அக்கா” என்று மனம் நிறையச் சொல்லுங்கள். கோயில் வழக்கில் சொல்ல ஆசைப்பட்டால் ‘உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்’ எனலாம். ‘கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்’ என்பது அவர்களின் விசுவாச அறிக்கை. நம்பிக்கையில்லாமல் அதை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அவர்களும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

எல்லாக் கிறிஸ்தவ வீட்டுக்கும் இதே அளவுகோல் பொருந்தாது. சி.எஸ்.ஐ. சபையார் வெள்ளியன்று பகல் 12 முதல் 3 மணி வரை மும்மணி ஆராதனையில் இருப்பார்கள். அந்த நேரத்தில் போனில் அழைக்காமல் இருப்பது நல்லது. சில பெந்தெகொஸ்தே குடும்பங்கள் இந்த நாட்களைத் தனியாகக் கடைப்பிடிப்பதே இல்லை. தெரியாத வீடென்றால், “உங்க சபையில புனித வெள்ளிக்கு என்ன வழக்கம்?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

குழுவில் மறுபடி ‘இனிய’ வந்தால் அங்கேயே திருத்தி, போட்டவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அவருக்குத் தனியாகச் சொல்லுங்கள். பொதுவில், மேலே சொன்ன அந்த ஒரு வரியை நீங்கள் போடுங்கள். அடுத்து எழுதுகிறவர்கள் அதைப் பார்த்தே எழுதுவார்கள்.