கணக்குப் படத்தை வாசித்துக் காட்டுவது எப்படி?

குழுக் கூட்டத்தில் தவணை பாக்கிப் படத்தைச் சுவரில் மாட்டி, பிரதிநிதி பன்னிரண்டு மாதத் தொகையையும் வரிசையாக வாசிப்பார். நாலாவது மாதம் வருவதற்குள் முதல் மாதம் மறந்துபோகும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், எழுத்து தெரியாதவர்களுக்கும் படம் ஏறியதா இறங்கியதா என்பதே பிடிபடாது.

ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு குழுவின் பாக்கி, ரூபாயில்: 1200, 1300, 1250, 2600, 2900, 3100, 3000, 3050, 2800, 1900, 1400, 900.

இதை வாசிக்கும் முன் விரலால் படத்தின் மேல் ஒரு தடவை கோடு இழுத்துப் பாருங்கள். விரல் எங்கே சட்டென்று திரும்புகிறதோ அந்த இடங்களை மட்டும் சொன்னால் போதும். முதலில் இது எதைப் பற்றிய படம், எந்த மாதத்திலிருந்து எது வரை என்று சொல்லிவிட வேண்டும். பிறகு இப்படிச் சொல்லலாம்:

"நம்ம குழுவோட தவணை பாக்கி இது, போன ஏப்ரல்லேர்ந்து மார்ச் வரைக்கும். முதல் மூணு மாசம் ஆயிரத்து இருநூறு கிட்ட இருந்துச்சு. ஜூலைல ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. டிசம்பர் வரைக்கும் மூவாயிரத்தை ஒட்டியே நின்னுச்சு. தை பொறந்ததும் இறங்க ஆரம்பிச்சு, மார்ச்சுல தொள்ளாயிரம்தான்."

பன்னிரண்டு எண்ணில் நாலுதான் சொன்னோம். அக்டோபரில் 3000, நவம்பரில் 3050 என்பதை "ஏறிடுச்சு" என்று சொல்லக் கூடாது. ஐம்பது ரூபாய் ஏற்றம் ஏற்றமே இல்லை. ஆனால் ஜூலை ஏற்றத்தை விட்டுவிட்டு "வருஷ முடிவுல குறைஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னால், அது பாதி உண்மைதான். (சில பிரதிநிதிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்!)

ஏன் ஏறியது என்பதைப் படம் சொல்லாது. பள்ளி திறந்த செலவா, ஆடியில் வேலை இல்லாததா என்பது தீர்மானப் புத்தகத்தில் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உறுப்பினர்களையே கேளுங்கள்.

கட்டம் போட்ட படமென்றால் அடிக்கோடு பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சேமிப்பு 20,000 ரூபாயிலிருந்து 21,000 ஆகிறது. அடிக்கோடோ 19,000-ல் தொடங்குகிறது என்றால் இரண்டாவது கட்டம் இரட்டிப்பு உயரமாகத் தெரியும். உண்மையில் இருபதில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. அங்கே உயரத்தைப் பார்த்துப் பேசாமல் "ஆயிரம் ரூபாய் கூடியிருக்கு" என்று தொகையைச் சொல்லுங்கள்.

முடித்ததும், படத்தைப் பார்க்க முடியாத ஒரு அக்காவிடம் "எந்த மாசத்துல பாக்கி ஏறுச்சுக்கா, எப்ப இறங்குச்சு?" என்று கேளுங்கள். ஜூலை, தை என்று அவர் சொன்னால் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. தயங்கினால் எண்களைக் கூட்டாமல், அதே நாலு வாக்கியத்தை மெதுவாக இன்னொரு தடவை சொல்லுங்கள். முழுத் தொகையும் கேட்பவருக்குப் பேரேட்டைக் காட்டலாம்.